பேசினது கலப்புத் தமிழ், எழுதுவது இரண்டு மொழியில்: "நாம பாத்துக்கலாம்" என்பதை மினிட்ஸில் எப்படி எழுதுவீர்கள்?

நூல்கண்டு | திங்கள், இரவு 9:42

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஹெச்.ஆர். அசிஸ்டென்டாக இருக்கிறேன். எங்கள் யூனிட் ஒர்க்ஸ் கமிட்டியில் நிர்வாகத் தரப்பில் ஏழு பேர், தொழிலாளர் தரப்பில் ஏழு பேர். மினிட்ஸ் எழுதுவது என் தலையில். தமிழில் ஒன்று நோட்டீஸ் போர்டுக்கு, ஆங்கிலத்தில் ஒன்று ஃபைலுக்கு. பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்தால் அந்த ஃபைலைத்தான் முதலில் கேட்பார்.

கூட்டத்தில் ஒருத்தரும் ஒரே மொழியில் பேசுவதில்லை. பாதி வாக்கியம் தமிழ், பாதி ஆங்கிலம். இத்தனை நாள் ஏதோ ஓட்டிவிட்டேன், இந்த முறை மாட்டிக்கொண்டேன்.

ஒரு ஊரிலிருந்து 28 பேர் கம்பெனி வேனில் வருகிறார்கள். சாயங்காலம் வேன் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருட்டில் நடை. வேன் ஊருக்குள் வரவேண்டும் என்று கேட்டார்கள். மேனேஜர் சொன்ன பதில் என் நோட்டில் இப்படி இருக்கிறது:

"வேன் உள்ள போறது ப்ராப்ளம் இல்ல. டெய்லி த்ரீ ஃபிஃப்டி எக்ஸ்ட்ரா கேக்கறாராம். அதை நாம பாத்துக்கலாம். ட்ரையல் பேசிஸ்ல நெக்ஸ்ட் மந்த்ல இருந்து ஸ்டார்ட் பண்ணிடலாம்."

தமிழ்ப்படியில் "கூடுதல் செலவை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினேன். ஆங்கிலப்படியில் "எக்ஸ்ட்ரா காஸ்ட் வில் பி லுக்ட் இன்டு" என்று எழுதினேன். எழுதும்போது இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். தமிழ்ப்படியில் தொழிலாளர் தரப்பு கையெழுத்துப் போட்டது, ஆங்கிலப்படியில் மேனேஜர் போட்டார்.

வேன் உள்ளே போக ஆரம்பித்த மாசம், சம்பளச் சீட்டில் ஆளுக்கு 325 ரூபாய் பிடித்திருக்கிறது. 350 ரூபாய், 26 நாள், 28 பேருக்கு வகுத்தால் அதுதான் வரும். அக்கவுன்ட்ஸில் கேட்டால் ஆங்கிலப்படியைக் காட்டுகிறார்கள், "கம்பெனி தரும்னு எங்கே இருக்கு?" என்று. அக்காமார்கள் நோட்டீஸ் போர்டைக் காட்டுகிறார்கள். இரண்டையும் எழுதினவள் நான்.

இதை இனிமேல் எப்படி எழுதுவது? முதலில் தமிழில் எழுதி மொழிபெயர்ப்பதா, ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்ப்பதா?

சொல்லேர் | திங்கள், இரவு 10:15

முதலில் மினிட்ஸ் என்பதைக் கூட்டக் குறிப்பு என்று எழுதப் பழகுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ட்ரையல் பேசிஸ் என்பதற்கு வெள்ளோட்டம் என்ற அருமையான சொல் இருக்கிறது. வேன் என்பதற்குச் சிற்றுந்து. ஓவர்டைம் மிகைநேரப் பணி, போனஸ் மிகை ஊதியம், காம்ப் ஆஃப் ஈடுசெய் விடுப்பு. பட்டியல் வேண்டுமானால் அனுப்புகிறேன். தூய தமிழில் எழுதினால் குழப்பம் வராது.

நூல்கண்டு | திங்கள், இரவு 10:21

ஐயா, வெள்ளோட்டம் நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் என் சண்டை வேன் என்ற சொல்லால் வரவில்லை. "நாம பாத்துக்கலாம்" சுத்தத் தமிழ்தானே?

பவர்டேபிள் | திங்கள், இரவு 10:58

நான் வேற கம்பெனில டெய்லருங்க, எங்க கமிட்டில மெம்பர். சொல்லேர் ஐயா சொல்ற மாதிரி எங்க ஹெச்.ஆர். ஒருக்கா எழுதுனாங்க. "மிகை ஊதியம் வழங்கப்படும்"னு போர்டுல ஒட்டிருந்துச்சு. நாங்க ஓ.டி. காசுதான் சேத்தித் தர்றாங்கன்னு நினைச்சுட்டோம். கேட்டா அது தீபாவளி போனஸாம். மிகைநேரம், மிகை ஊதியம் ரெண்டும் படிக்கறப்ப ஒண்ணாத்தான் தெரியுதுங்க. நாங்க வாய்ல சொல்றதையே எழுதுனா போதும். போனஸ்னா போனஸ், ஓ.டி.ன்னா ஓ.டி.

வரவுசெலவு | செவ்வாய், காலை 7:30

கம்பெனி செகரட்டரி படிப்பு முடிக்கப் போகிறேன், அதனால் சொல்கிறேன். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 118 படி கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். நடந்ததை இறந்தகாலத்தில், படர்க்கையில் எழுத வேண்டும், தீர்மானத்தை மட்டும் நிகழ்காலத்தில். பேசியதை அப்படியே எழுதக்கூடாது, சாரம் போதும். உங்கள் தவறு "நாம பாத்துக்கலாம்" என்ற பேச்சு மொழியைப் பிடித்துக்கொண்டதுதான். ஆங்கிலத்தில் சரியான தீர்மானம் எழுதிவிட்டுத் தமிழில் மொழிபெயர்த்திருந்தால் இந்த வம்பே இல்லை.

மைக்கூடு | செவ்வாய், காலை 9:05

முப்பது வருஷம் ஆலைகளில் பர்சனல் டிபார்ட்மென்ட், அதில் பாதி நாள் கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் குறிப்பெடுக்கிற வேலை. ஓய்வு பெற்றாகிவிட்டது, கையும் வாயும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வரவுசெலவு தம்பி சொன்ன 118 போர்டு கூட்டத்துக்கும் பொதுக் கூட்டத்துக்கும் உரியது. ஒர்க்ஸ் கமிட்டி அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, 1947ஆம் வருஷத் தொழில் தகராறுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு வழியாக வந்தது. ஆனால் தீர்மானத்தையும் பேச்சையும் பிரித்து எழுது என்று சொன்னது முழுக்கச் சரி. சாரம் போதும் என்பது பாதிதான் சரி. சாரம் எது என்று முடிவு செய்த இடத்தில்தானே அந்தப் பொண்ணு விழுந்தது?

மேனேஜர் சொன்ன நாலு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வேன், ட்ரையல், எக்ஸ்ட்ரா எல்லாம் ஆங்கிலச் சொல், ஒன்றிலும் குழப்பம் இல்லை. குழி மூன்றும் தமிழில்தான் இருக்கிறது.

முதல் குழி "நாம". தமிழில் நாம என்றால் கேட்கிறவரும் சேர்த்தி, நாங்க என்றால் கேட்கிறவர் இல்லை. மேனேஜர் "நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லியிருந்தால் கம்பெனிதான் என்று சந்தேகமில்லாமல் எழுதலாம். அவர் சொன்னது "நாம". எழுத்துப்படி பார்த்தால் மேசையின் இரண்டு பக்கமும் அதில் அடங்கும். அம்மா, நீங்கள் அதை "நிர்வாகம்" என்று மாற்றியது மொழிபெயர்ப்பு இல்லை, தீர்ப்பு. ஆங்கிலத்தில் "வீ" என்று எழுதியிருந்தாலும் தப்பித்திருக்க முடியாது, அந்தச் சொல்லுக்கு நாம, நாங்க என்ற பேதமே தெரியாது.

இரண்டாவது "பாத்துக்க". "கல்யாணச் செலவை மாமா பாத்துக்குவார்" என்றால் மாமா பணம் கட்டுவார். "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. ஒரே சொல். நீங்கள் தமிழ்ப்படியில் முதல் அர்த்தத்தையும், ஆங்கிலப்படியில் இரண்டாவதையும் எடுத்தீர்கள்.

மூன்றாவது "லாம்". "ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்பது யோசனையா, அனுமதியா, முடிவா? மூன்றுக்கும் நாம் அதே விகுதியைத்தான் போடுகிறோம். கூட்டத்தில் ஒருத்தர் "மாத்தலாம்" என்றால் பத்தில் எட்டு முறை அது வெறும் யோசனை. தலைவர் சொன்னால் முடிவு மாதிரி ஒலிக்கும். குறிப்பெடுப்பவர் "முடிவு செய்யப்பட்டது" என்று எழுதினால் யோசனை முடிவாகிவிடும், "ஆலோசிக்கப்பட்டது" என்று எழுதினால் முடிவு யோசனையாகிவிடும்.

ஆகவே தமிழிலிருந்து ஆங்கிலமா, ஆங்கிலத்திலிருந்து தமிழா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டும் இல்லை. இந்த மூன்றும் மொழிபெயர்க்கிற கட்டத்தில் தீராது. கூட்டம் நடக்கும்போதே மேசையில் கேட்டுத் தீர்க்க வேண்டும். கை தூக்கி, "சார், எழுதிக்கறேன், செலவு யாரோடது? எந்தத் தேதியில இருந்து? எது வரைக்கும்?" என்று கேட்டுவிட்டால் அந்தப் பதில் எந்த மொழியில் வந்தாலும் எழுதலாம்.

நூல்கண்டு | செவ்வாய், மதியம் 1:10

ஐயா, படிச்சதும் வயிற்றைக் கலக்குகிறது. அப்படியானால் அக்கவுன்ட்ஸ்காரர் செய்தது சரியா? இன்னொரு விஷயம், எங்கள் மேனேஜர் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. அதனால்தான் ஆங்கிலப்படியில் மட்டும் கையெழுத்து.

மைக்கூடு | செவ்வாய், மதியம் 1:48

அப்படியா, அது பெரிய விஷயம். இன்றைய கன்னடத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் "நாவு" ஒன்றுதான். அவர் "நாம" என்றதை வைத்துக்கொண்டு இலக்கணம் பேசி நியாயம் சொல்ல முடியாது. அவர் மனசில் என்ன இருந்தது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

பிடித்தம் சரியா என்பது வேறு கேள்வி. 1936ஆம் வருஷச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் தொட்டே, கம்பெனி செய்துதரும் வசதிக்காகச் சம்பளத்தில் கைவைக்க வேண்டுமென்றால் தொழிலாளி அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். "லுக்ட் இன்டு" என்ற வரியை ஒப்புதல் என்று யாரும் வாசிக்க முடியாது. உங்கள் ஆங்கிலப்படி கம்பெனிக்கும் உதவாது.

கோடிவீட்டார் | செவ்வாய், மாலை 6:20

நாம என்று சொன்னாலே எல்லாரும் சேர்த்தி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டாக்டர் "நாம மாத்திரை சாப்பிட்டோமா?" என்று கேட்டால் அவரும் சாப்பிட்டாரா என்ன? மரியாதைக்கு, பட்டும் படாமல் பேசுவதற்கு "நாம" போடுவது நம் ஊர்ப் பழக்கம்.

என் கதையைக் கேளுங்கள். சென்னையில் 64 வீட்டுக் குடியிருப்பில் மூன்று வருஷம் செயலாளராக இருந்தேன். கூட்டத்தில் தமிழ், ஆங்கிலம், இடையில் இந்தியும். "நெக்ஸ்ட் ஃப்ரைடே டேங்க் க்ளீனிங்" என்று முடிவாச்சு. கூட்டம் நடந்தது ஒரு திங்கட்கிழமை. தமிழில் "வரும் வெள்ளி" என்று எழுதினேன், ஆங்கிலத்தில் அதே "நெக்ஸ்ட் ஃப்ரைடே". பாதிப் பேர் அந்த வாரம் தண்ணீர் பிடித்து வைத்தார்கள், பாதிப் பேர் அடுத்த வாரம். நடுவில் வந்த தொட்டிக்காரனுக்கு வசவு. அதிலிருந்து கிழமை எழுதினால் கூடவே தேதியும் எழுதாமல் விடுவதில்லை.

வரவுசெலவு | செவ்வாய், இரவு 8:02

118 விஷயத்தில் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்கு இவ்வளவு சிரமம்? மொத்தக் கூட்டத்தையும் ஃபோனில் ரெக்கார்ட் பண்ணிவிட்டால் யார் என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும்.

பவர்டேபிள் | செவ்வாய், இரவு 9:15

ஃபோனை மேசைல வெச்சாங்கன்னா எங்காளுக வாயே தொறக்க மாட்டாங்க தம்பி. பாத்ரூம் போறதுக்கு டோக்கன் கேக்கறதைப் பத்தி ஒரு அக்கா பேசணும்னு வந்துச்சு, ஃபோனைப் பாத்துட்டு உக்காந்துருச்சு. அப்பறம் அந்த விஷயம் மினிட்ஸ்ல எங்க வரும்?

மைக்கூடு | செவ்வாய், இரவு 9:50

அதோடு, ரெக்கார்டிங்கில் "நாம பாத்துக்கலாம்" என்று தெளிவாகக் கேட்கும். அவ்வளவுதான் கேட்கும். குழப்பம் காதில் இல்லையே.

இப்போது எழுதுகிற முறைக்கு வருகிறேன். நாங்கள் செய்தது இது. முழு நீளத் தமிழ்ப்படி ஒன்று, முழு நீள ஆங்கிலப்படி ஒன்று என்று தனித்தனியாக வைத்தால் இரண்டும் மெல்ல விலகிப் போகும், யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள். அதனால் ஒரே தாளில் இரண்டு பத்தி, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம், ஒவ்வொரு தீர்மானமும் எதிரெதிரே அதே எண்ணில். கையெழுத்து அந்த ஒரே தாளின் அடியில். உங்கள் விஷயத்தில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தாளில் கையெழுத்துப் போட்டதுதான் உண்மையான விபத்து. அவர்கள் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை.

ஒவ்வொரு விஷயத்துக்கும் முதலில் மேசையில் பேசியது இரண்டு மூன்று வரி, அதில் கலப்பு மொழியைச் சுத்தம் செய்து எழுதலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அதற்குக் கீழே தீர்மானம். தீர்மானத்தில் நாம, நாங்க, அவங்க எதுவும் வரக்கூடாது. நிர்வாகம், தொழிலாளர், ஒப்பந்தக்காரர் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். செயப்பாட்டு வினை வந்தால் யார் செய்வது என்று உடனே கேளுங்கள். "செலவு ஏற்கப்படும்" என்பது நல்ல தமிழ் மாதிரி இருக்கும், ஏற்பது யார் என்பதை மட்டும் விழுங்கிவிடும். ஆங்கிலத்தில் இந்த வியாதி இன்னும் அதிகம்.

கடைசியில் ஒரு சோதனை. கூட்டத்துக்கு வராத ஒருத்தரைக் கூப்பிட்டு, தமிழ்ப் பத்தியைக் கையால் மறைத்து, ஆங்கிலப் பத்தியை மட்டும் கொடுத்து "இதுல என்ன முடிவாகியிருக்கு, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொண்டு உங்கள் தமிழ்ப் பத்தியோடு வைத்துப் பாருங்கள். உங்கள் "லுக்ட் இன்டு" வரியை யாராவது வாசித்து "பரிசீலிப்பாங்களாம்" என்று சொல்லியிருப்பார்கள். அங்கேயே தெரிந்திருக்கும். பத்து நிமிஷ வேலை.

இன்னொன்று விட்டுவிட்டேன். மேனேஜர் "கேக்கறாராம்" என்று சொல்லியிருக்கிறார், அந்த "ஆம்" கவனித்தீர்களா? அவர் நேரில் கேட்கவில்லை, யாரோ சொன்னது. ஆங்கிலத்தில் என்ன எழுதினீர்கள்?

நூல்கண்டு | புதன், காலை 8:12

"கான்ட்ராக்டர் டிமாண்ட்ஸ் 350 பெர் டே" என்று எழுதியிருக்கிறேன். தமிழில் "ஒப்பந்தக்காரர் நாளொன்றுக்கு 350 ரூபாய் கேட்கிறார்". ஆம் இரண்டிலும் போய்விட்டது.

இன்று வேன்காரரிடமே பேசிவிட்டு வருகிறேன்.

சொல்லேர் | புதன், காலை 10:30

"ஆம்" பற்றி ஐயா சொன்னது அழகு. இப்படிப்பட்ட நுணுக்கம் இருப்பதால்தான் தமிழ்ப்படியே மூலமாக இருக்க வேண்டும் என்கிறேன். இரண்டும் வேறுபட்டால் தமிழே செல்லும் என்று அடியில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

பவர்டேபிள் சொன்னதை யோசித்தேன். போனஸ், ஓ.டி. இரண்டையும் அப்படியே விடலாம். சிற்றுந்தை விட மனசில்லை.

வரவுசெலவு | புதன், காலை 11:14

அரசியல் சாசனத்தில் பிரிவு 348(3) என்ன சொல்கிறது தெரியுமா? மாநிலச் சட்டம் மாநில மொழியில் இயற்றப்பட்டாலும், கவர்னர் அதிகாரத்தில் அரசிதழில் வரும் ஆங்கில மொழிபெயர்ப்புதான் அதன் அதிகாரபூர்வ ஆங்கில வாசகம். நாட்டின் சட்டத்துக்கே ஆங்கிலம் என்றால் வேன் தீர்மானத்துக்குத் தமிழ் எப்படி? ஆடிட்டரும் வக்கீலும் ஆங்கிலம்தான் கேட்பார்கள்.

மைக்கூடு | புதன், மதியம் 12:40

348 சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும். பதினாலு பேர் கூடிப் பேசும் அறைக்கு அதைக் கொண்டு வராதீர்கள். கானடாவில் கூட்டாட்சிச் சட்டத்தின் ஆங்கிலப்படியும் பிரெஞ்சுப்படியும் சமம். மோதினால் இரண்டையும் சேர்த்து வாசித்துப் பொதுவான அர்த்தத்தைத் தேடுவார்கள். அதனால் உலகம் முழுக்க ஒரே வழி என்று இல்லை.

என் பழக்கம், எந்த மொழி பெரியது என்று எழுதாமல் "இரண்டு பத்திக்கும் வேறுபாடு தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக எடுக்கப்படும், அதுவரை அதன் பேரில் பணப் பிடித்தமோ தண்டனையோ கிடையாது" என்று எழுதுவது. நிர்வாகம் இதற்குச் சுலபமாக ஒப்புக்கொள்ளாது. நானே இரண்டு இடத்தில் தோற்றிருக்கிறேன்.

கோடிவீட்டார் | புதன், மதியம் 3:05

அடுத்த கூட்டம் வரைக்கும் தொங்கவிட்டால் எந்த வேலையும் நடக்காது. ஒரு மொழியைச் சொல்லிவிடுவதுதான் நல்லது. எந்த மொழி என்று கேட்டால், அந்தத் தீர்மானத்தால் பாதிக்கப்படுகிறவன் வாசிக்கிற மொழி.

பவர்டேபிள் | புதன், இரவு 9:30

எங்க லைன்ல இப்ப பாதிப் பேரு ஒடிசா, பீகார் புள்ளைங்க. தமிழ்ப் பத்தியும் தெரியாது, இங்கிலீஷ் பத்தியும் தெரியாது. அவங்க வாசிக்கற மொழி எந்தப் பத்தில வரும்?

எங்க கம்பெனில கையெழுத்துக்கு முன்னாடி சத்தமா வாசிச்சுக் காட்டணும்னு கேட்டு வாங்குனோம். ஒருத்தர் தமிழ்ப் பத்தி வாசிப்பாரு, ஒருத்தர் இங்கிலீஷ் பத்தி, ஒடிசாக்காரப் பையன் ஒருத்தன் கேட்டுட்டுப் போயி அவங்களுக்குச் சொல்லுவான். அவன் என்ன சொல்றான்னு எங்களுக்குத் தெரியாதுங்கறது வேற விஷயம்.

நூல்கண்டு | வியாழன், இரவு 10:05

இரண்டு விஷயம்.

வேன்காரரிடம் பேசினேன். 350 என்று அவர் சொன்னது காலையும் சாயங்காலமும் சேர்த்து ஊருக்குள் வர. காலையில் யாரும் கேட்கவே இல்லை, எல்லாரும் மெயின் ரோட்டுக்கு வந்துதான் ஏறுகிறார்கள். சாயங்காலம் மட்டும் என்றால் 200 போதுமாம். இந்த மாசம் அவர் காலையில் உள்ளே வரவும் இல்லை, பில் மட்டும் 350க்கு. ஐயா கேட்ட "ஆம்" இல்லாமல் இருந்தால் இதை நான் விசாரித்திருக்கவே மாட்டேன். இங்கேயும் "போதுமாம்" என்றுதான் எழுதியிருக்கிறேன், அவர் அக்கவுன்ட்ஸ் பையன் சொன்னது அது. எழுத்தில் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது, அடுத்த கூட்டத்துக்கு எழுதி வைத்திருக்கும் தமிழ்ப் பத்தி. அடித்துத் திருத்துங்கள்.

"தீர்மானம் 4: மாலை ஷிப்ட் முடிந்து செல்லும் வேன், ஊருக்குள் மாரியம்மன் கோயில் வரை செல்லும். இதற்கான கூடுதல் வாடகை நாளொன்றுக்கு 200 ரூபாயை நிர்வாகம் ஒப்பந்தக்காரருக்குச் செலுத்தும். இதற்காகத் தொழிலாளர் சம்பளத்தில் நிர்வாகம் பிடித்தம் செய்யாது. 1ஆம் தேதி முதல் மூன்று மாதம் வெள்ளோட்டம். தொடர்வதா என்பதை மூன்றாம் மாதக் கூட்டத்தில் கமிட்டி முடிவு செய்யும்."

மேனேஜரிடம் "செலவு யாரோடது சார்?" என்று தனியாகக் கேட்டேன். "கம்பெனிதாம்மா, வேற யாரு?" என்றார், சாதாரணமாக. அவருக்குப் பிடித்தம் நடந்ததே தெரியவில்லை.

மைக்கூடு | வியாழன், இரவு 10:40

நன்றாக இருக்கிறது. மூன்று இடம் மட்டும்.

"1ஆம் தேதி" எந்த மாதம்? மாதப் பெயரும் வருஷமும் போடுங்கள், அப்புறம் மூன்று மாதம் என்பதற்குப் பதில் முடியும் தேதியையே எழுதிவிடலாம். "வரை" என்றால் அந்த நாளும் சேர்த்தியா என்று பின்னால் யாராவது கேட்பார்கள், அதனால் "அந்த நாள் உட்பட".

மூன்றாம் மாதக் கூட்டம் நடக்காமல் போனால் வேன் நிற்குமா, ஓடுமா? இதை நீங்கள் எழுத முடியாது, மேசையில்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்து வெள்ளோட்டம் என்று ஆரம்பித்த பாதி விஷயம் இப்படித்தான் சத்தமில்லாமல் நிற்கும்.

வெள்ளோட்டத்துக்கு ஆங்கிலப் பத்தியில் "ட்ரையல்" என்றே போடுங்கள். "பைலட்", "டெம்பரரி" என்று அழகுபடுத்த வேண்டாம். அவர் வாயில் வந்த சொல் அது.

கோடிவீட்டார் | வெள்ளி, காலை 6:55

பழைய 325? அதைத் திருப்பித் தருவதாக எங்கேயும் இல்லையே.

பவர்டேபிள் | வெள்ளி, காலை 7:10

நானும் அதைத்தாங்க கேக்க வந்தேன்.

நூல்கண்டு | வெள்ளி, இரவு 8:25

தனித் தீர்மானமாக எழுத வேண்டும் என்று இன்று அக்கவுன்ட்ஸில் கேட்டேன். "ஒண்ணும் ப்ராப்ளம் இல்லம்மா, நெக்ஸ்ட் மந்த் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், அப்படியே எழுதிக்கோ" என்றார்கள்.

நோட்டை மூடாமல் நின்றேன். "எதுல அட்ஜஸ்ட் சார்? கையில குடுப்பீங்களா, அட்வான்ஸ்ல கழிப்பீங்களா? அட்வான்ஸ் வாங்காத பதினோரு பேருக்கு எதுல?" என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனவர் இன்னும் வரவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன், இரண்டு பத்தியிலும்.